அமாவாசைக்கு முன்னாலயா, பின்னாலயா?

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் "உங்களுக்கு இருமல் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்பார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமுவார். அவர் பொய் சொல்லவில்லை. நாள்பட்ட இருமல் உடம்போடு ஒட்டிப்போய்விடுகிறது. பீடி குடிக்கிறவருக்கு அது பீடி இருமல். கல்குவாரியில் வேலை பார்ப்பவருக்குத் தூசி இருமல். விறகடுப்பு ஊதுகிறவருக்குப் புகை இருமல். இப்படி ஒரு பெயர் கிடைத்துவிட்டால் பிறகு அது நோயாகவே கணக்கில் வராது.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில், சிறுமலைக்கு அருகே இருக்கிறது சாணார்பட்டி. இந்த ஒன்றியத்துக் கிராமங்களில் மகளிர் குழுக் கூட்டம் முடிந்தபின்போ, நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மர நிழலிலோ, ஒரு சுகாதாரத் தன்னார்வலருக்குப் பேசக் கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் காசநோயைப் பற்றி என்ன சொல்வது? நோயின் வரலாற்றையும் மருந்துகளின் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். கேட்பவர்கள் வீட்டுக்குத் திரும்பியதும் செய்ய வேண்டியவை இரண்டுதான். ஒன்று, இருமலின் நாளை எண்ணுவது. மற்றொன்று, நல்ல சளியை ஆய்வகம் வரை கொண்டுசேர்ப்பது. அந்த ஐந்து நிமிடப் பேச்சை இந்த அத்தியாயத்தின் கடைசியில் முழுதாகத் தருகிறேன். அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு, முதலில் அவற்றைப் பார்த்துவிடலாம்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் என்றால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது இன்று நாடு முழுவதும் உள்ள விதி. முன்பு இது மூன்று வாரமாக இருந்தது. இரண்டு வாரத்திலேயே சோதித்தால் கூடுதலான நோயாளிகள் கிடைக்கிறார்கள் என்று சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தார் உள்ளிட்டோர் செய்த ஆய்வுகள் காட்டின. 2009இல் விதி மாறியது.

ஏன் இரண்டு வாரம்? விடை கிருமியின் சோம்பலில் இருக்கிறது. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா ஒன்று வசதியான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி ஒரு முறை பிரிய ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படி இருபது முறை பிரிந்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். அந்த இருபது பிரிவுகளைக் குடல் கிருமி ஏழு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் வேண்டும். அதனால்தான் இந்த நோய் தடாலடியாகக் காய்ச்சலைக் கிளப்பி ஆளைக் கீழே தள்ளுவதில்லை. மெல்ல வருகிறது. வந்தபின் தானாகப் போகவும் போகாது. சளிக்காய்ச்சலின் வைரஸ் இதற்கு நேர் எதிர். அது சீக்கிரம் வந்து தொண்டையையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்கிவிட்டுப் போய்விடும். பிறகு நடப்பது புண் ஆறும் இருமல் மட்டுமே.

அந்த ஆறும் இருமல்கூடச் சிலருக்கு இரண்டு வாரத்தைத் தாண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே இரண்டு வார இருமல் என்றால் காசநோய் என்று பொருளில்லை. அப்படி இருமுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோய் இருக்காது. பதினைந்து நாள் என்பது சந்தேகப்பட ஆரம்பிக்கும் நாள், அவ்வளவுதான். இதைத் தன்னார்வலர் முதலிலேயே சொல்லிவிட்டால், சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த வீட்டில் ஒப்பாரி எழாது.

இனி, பதினைந்து நாளை எப்படி எண்ணுவது என்பது. "எவ்வளவு நாளா இருமல்?" என்று கேட்டால் "கொஞ்ச நாளா" என்றுதான் பதில் வரும். தேதி கேட்டால் முழிப்பார்கள். ஆனால் நம் ஊர்களில் தேதி தெரியாதவருக்கும் அமாவாசை தெரியும். அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்குப் பதினைந்து நாள், பௌர்ணமியிலிருந்து அடுத்த அமாவாசைக்கு மறுபடி பதினைந்து நாள். இரண்டு வாரத்தை அளக்க வானத்தில் தொங்கும் அளவுகோல் அது. "போன அமாவாசைக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டால் எந்தப் பாட்டியும் யோசித்துச் சரியாகச் சொல்லிவிடுவார். திருவிழாக் கொடியேற்றம், சம்பளம் போட்ட நாள், பேத்தி காதுகுத்து என்று வேறு அடையாளங்களும் உதவும்.

எண்ணும்போது ஒரு வழுக்கல் உண்டு. "நடுவுல நாலு நாள் நின்னுச்சு" என்பார்கள். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையாலோ, ஊசி போட்டதாலோ குறைந்திருக்கும். அந்த நாலு நாளைக் கழிக்கக் கூடாது. லீவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆண்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கக் கூடியவை. சில நாள் கொடுத்தால் இருமல் தணியும், நோய் போகாது. சளியில் கிருமி தற்காலிகமாகக் குறைந்து, சோதனையில் அகப்படாமலும் போகலாம். எனவே முதல் இருமல் தொடங்கிய நாளிலிருந்துதான் கணக்கு. என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதை அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்வது நல்லது.

இந்தக் கேள்வியை யார் கேட்க வேண்டும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. எக்ஸ்ரே வண்டியை ஊர் ஊராக ஓட்டிப் படம் எடுப்பதுதான் வழி என்று பலர் நினைத்தார்கள். கிராமத்து மக்கள் அறியாமையால் நோயை உணர்வதில்லை, ஆகவே நாம்தான் தேடிப் போக வேண்டும் என்பது அதன் அடியில் இருந்த எண்ணம். டெபபர் பானர்ஜி என்ற மருத்துவரும் ஸ்டிக் ஆண்டர்சன் என்ற ஆய்வாளரும் அந்த எண்ணம் உண்மையா என்று தும்கூர் மாவட்டத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களை வீடு தேடிப் போய்ப் பேசினார்கள். 1963இல் வெளியான முடிவு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு உடம்பு சரியில்லை என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. ஏறத்தாழ பாதிப் பேர் ஏற்கெனவே வைத்தியம் தேடிப் போயிருந்தார்கள். போன இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. யாரும் சளியைக் கேட்கவில்லை.

அறுபது ஆண்டு கழித்து, 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அறிகுறி இருந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் எங்கும் வைத்தியத்துக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் சொன்ன காரணம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது. பணம் இல்லை என்றவர்கள் மிகச் சிலர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. இருமுகிறவர் தன் இருமலை எண்ணுவதில்லை. அதைக் கேட்கிறவர்களும் எண்ணுவதில்லை. தன்னார்வலரின் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 52. சிறுமலை அடிவாரத்தில் மாந்தோப்புக் காவல். பீடி உண்டு, சர்க்கரையும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதம் ஒரு முறை தன்னார்வலர் அவருக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார். அதே ஊர்ப் பெண், உறவு முறையில் அவரைப் பெரியப்பா என்பார். இந்த மாதம் வந்தபோது அவர் பேச்சுக்கு நடுவே இருமுகிறார்.

"பெரியப்பா, இந்த இருமல் எப்ப இருந்து?"

"பீடி இருமல் தாயி. இருபது வருசமா இருக்கு."

பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பேச்சு நின்றுவிடும். இந்தப் பெண் நிறுத்தவில்லை.

"அது தெரியும். அந்த இருமலேதானா, இல்ல இப்ப மாறியிருக்கா? ராத்திரி எந்திரிச்சு இருமுறீங்களா?"

அவர் மனைவி உள்ளேயிருந்து பதில் சொல்கிறார். ராத்திரி தூங்க விடுவதில்லை, சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று இருக்கிறது, சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டது. எப்போதிருந்து என்று கேட்டதற்கு, அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், சிறுமலைக்குப் போய்வந்த அன்று தொடங்கியது என்கிறார். பௌர்ணமி முடிந்து இன்றோடு நாலு நாள். அமாவாசை முதல் பௌர்ணமி பதினைந்து, மேலே நாலு, தொடக்கத்தில் இரண்டைக் கழித்தால் பதினேழு நாள். நடுவில் மருந்துக் கடை சிரப் ஒரு பாட்டில், ஒரு ஊசி, ஐந்து நாள் மாத்திரை.

புகைபிடிப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்தப் பெண் கேட்டதுதான்: இருமல் இருக்கிறதா என்பதல்ல, மாறியிருக்கிறதா என்பது. சர்க்கரை நோய் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல் என்பதால், மாத்திரை கொடுக்கப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்வி தானாக வர வேண்டும்.

"டிபின்னு சொல்ல வர்றியா?" என்று அவர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். இங்கே மழுப்பக் கூடாது, பயமுறுத்தவும் கூடாது. "இருக்கான்னு பாக்கத்தான் பெரியப்பா சளி டெஸ்ட். இல்லேன்னா நிம்மதி. இருந்தா ஆறு மாசம் மாத்திரை, வீட்டுல இருந்தே சாப்பிடலாம்." வாசலில் நின்று உரக்கப் பேசாமல் உள்ளே போய் இதைச் சொல்கிறார். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் தெருவுக்குக் கேட்கும்படி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டுக் கதவு மறுபடி திறக்காது.

வீட்டிலிருந்தே சாப்பிடலாம் என்று அவர் உறுதியாகச் சொல்ல முடிவதற்கும் ஒரு தமிழ்நாட்டுக் கதை காரணம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில், வீட்டில் வைத்து மருந்து கொடுத்தவர்களையும் சானடோரியத்தில் படுக்க வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் மருந்தும் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 1959இல் வந்த முடிவின்படி, குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இப்போது சளிக்கு வருவோம். அத்தியாயத்தின் நடுப்பகுதி இதுதான், ஏனென்றால் பரிந்துரை பெரும்பாலும் இங்கேதான் வீணாகிறது. நாள் கணக்கு சரி, ஆள் சரி, ஆனால் டப்பாவில் இருப்பது எச்சில். எச்சிலில் கிருமி இருக்காது, இருந்தாலும் மிகக் குறைவு. கிருமி இருப்பது நுரையீரலின் உள்ளே. அங்கிருந்து மேலே வரும் கெட்டியான, மஞ்சளோ வெண்மையோ கலந்த, இழுத்தால் நூல்போல நீளும் சளிதான் வேண்டும். தண்ணீராக, நுரையாக, தெளிந்து இருந்தால் அது வாயில் சுரந்தது.

நல்ல சளிக்கும் எச்சிலுக்கும் உள்ள வித்தியாசம் சோதனையை எவ்வளவு பாதிக்கும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பழைய முறையில், கண்ணாடித் தகட்டில் தேய்ப்பது ஒரு மில்லி லிட்டரில் நூறில் ஒரு பங்கு சளிதான். தகட்டில் தேய்த்த பரப்பை லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒரு நேரத்தில் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். மொத்தப் பரப்பையும் பார்க்க அப்படிப் பத்தாயிரம் வட்டங்கள் வேண்டும். ஆய்வக ஊழியர் பார்ப்பது ஏறக்குறைய நூறு வட்டம். சளியில் மில்லி லிட்டருக்குப் பத்தாயிரம் கிருமி இருந்தால் தகட்டில் இருப்பது நூறு கிருமி. பத்தாயிரம் பாத்தி உள்ள வயலில் நூறு பாத்தியில் மட்டும் பாத்திக்கொரு களைச்செடி நிற்கிறது. நீங்கள் நூறு பாத்தியைப் பார்த்துவிட்டுக் கரையேறுகிறீர்கள். சராசரியாக உங்கள் கண்ணில் படுவது ஒரு செடி. அதாவது பத்தாயிரம் கிருமி இருந்தும் தப்பித்தவறி ஒன்றே ஒன்று தெரிகிறது. அந்தச் சளியில் பாதி எச்சில் கலந்திருந்தால் அந்த ஒன்றும் அரையாகிவிடும்.

இன்று பல இடங்களில் சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகள் வந்துவிட்டன. ட்ரூநாட் நம் நாட்டிலேயே, கோவாவில் தயாராவது. இவை கிருமியின் மரபுப்பொருளைத் தேடிப் பெருக்கிக் காட்டுகின்றன. மில்லி லிட்டருக்கு நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே பிடித்துவிடும். ஓரிரு மணி நேரத்தில் முடிவு தெரியும். ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். ஆனால் எச்சிலை வைத்தால் இந்தக் கருவியும் எச்சிலைத்தான் சோதிக்கும்.

பெரியப்பாவுக்கு அந்தப் பெண் இரண்டு முறை சளி எடுக்கச் சொல்கிறார். ஒன்று சுகாதார நிலையத்துக்குப் போன அன்றே. மற்றொன்று மறுநாள் காலை கண் விழித்ததும். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது நுரையீரலுக்குள் சளி சேர்ந்து நிற்பதால் காலைச் சளி கனமானது. எப்படி எடுப்பது என்பதை அவர் தானே செய்து காட்டுகிறார். வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். பேஸ்ட் வேண்டாம். பிறகு திறந்த வெளிக்கு வர வேண்டும், வீட்டுக்குள்ளும் கழிப்பறைக்குள்ளும் கூடாது. மூச்சை ஆழமாக இழுத்து, ஒரு நொடி அடக்கி, விட வேண்டும். இப்படி இரண்டு தடவை. மூன்றாவது தடவை இழுத்து, அடிவயிற்றிலிருந்து இருமி, வந்ததை டப்பாவில் துப்ப வேண்டும். தொண்டையைக் கனைத்துத் துப்பினால் எச்சில்தான் வரும். அரைத் தேக்கரண்டி அளவுக்குக் குறையக் கூடாது. மூடியை இறுக்கித் திருக வேண்டும்.

அப்போது அந்தப் பெண் எங்கே நிற்கிறார் என்பதும் முக்கியம். காற்று தன் முதுகுப் பக்கமிருந்து அவரை நோக்கி அடிக்கும்படி, பத்தடி தள்ளி. இருமலில் தெறிக்கும் மிக நுண்ணிய துளிகள் காய்ந்து மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும், அவற்றை மூச்சில் இழுத்தால்தான் நோய் தொற்றும். வெளிக்காற்றில் அவை சிதறிப் போய்விடும். தட்டு, டம்ளர், துணி வழியாக இந்த நோய் பரவாது. ஆகவே அவருக்குத் தனித் தட்டு போட வேண்டியதில்லை.

முதல் நாள் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். நுரை. "இது வேணாம் பெரியப்பா. இன்னொரு தடவ, அடியில இருந்து." கூச்சப்படாமல் திருப்பிக் கொடுத்த அந்த நொடிதான் இந்தக் கற்பனைக் கதையின் திருப்பம். இரண்டாம் முறை வந்தது மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறது. டப்பாவின் உடம்பில் பெயர், வயது, தேதி எழுதி ஒட்டுகிறார். மூடியில் எழுதுவதில்லை, ஆய்வகத்தில் மூடியைக் கழற்றி வைத்தால் யாருடையது என்று தெரியாது. வண்டி சீட்டுக்கு அடியில் வெயிலில் வைக்காமல் பையில் நிழலாக வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேர்க்கிறார். வெக்கையில் கிடந்தால் சளியில் வேறு கிருமிகள் பெருகும். வெயில் நேரே பட்டால் காசநோய்க் கிருமி செத்துவிடும், பிறகு அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை பயன்படாது.

முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் அந்தப் பெண்ணின் வேலை மருந்து தொடங்கியதா என்று பார்ப்பது, பிறகு வீட்டில் உள்ள மற்றவர்களைக் கூட்டிப்போவது. குறிப்பாக ஐந்து வயதுக்கு உட்பட்ட பேரன் பேத்தி. அவர்களுக்கு நோய் இல்லை என்று உறுதியானால் வராமல் தடுக்கும் மாத்திரை உண்டு. முடிவு நெகட்டிவ் என்று வந்தும் இருமல் போகவில்லை என்றால் விஷயம் முடியவில்லை. நூறு பாத்தியில் களை தெரியவில்லை என்பதால் வயலில் களையே இல்லை என்று ஆகாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும், மருத்துவர் பார்க்க வேண்டும். எந்த முடிவும் திரும்பி வராமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். டப்பாவைக் கொடுத்த தேதியை நோட்டில் எழுதி, மூன்றாம் நாள் போன் செய்து கேட்பதை அவர் வழக்கமாக வைத்திருக்கிறார்.

சிலருக்கு இந்த வரிசையெல்லாம் காத்திருக்க நேரம் கிடையாது. 2022இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியபோது, நோய் உறுதியானவர்களில் யார் உயிராபத்தில் இருக்கிறார்கள் என்று சுகாதாரப் பணியாளரே கண்டுகொள்ளச் சில அடையாளங்களை வைத்தார்கள். பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லை, நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு வாங்குகிறது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் 94க்குக் கீழே, உயரத்துக்கு எடை மிக மிகக் குறைவு, அல்லது எடை குறைவோடு காலில் வீக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் மருத்துவமனையில் சேர வேண்டும். தன்னார்வலர் போகும் வீட்டில் இருமுகிறவர் சுவரைப் பிடிக்காமல் எழ முடியாத நிலையில் இருந்தால், டப்பா கொடுத்து நாளை காலை என்று சொல்லிவிட்டு வராமல் அன்றே வண்டி வைத்து அனுப்ப வேண்டும் என்பேன்.

இந்தப் பேச்சுக்கு ஒரு பெரிய எல்லையும் உண்டு. முன்பு சொன்ன அதே தேசியக் கணக்கெடுப்பில், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் எக்ஸ்ரே எடுத்ததால்தான் அகப்பட்டார்கள். கேள்வி கேட்டபோது அவர்கள் அறிகுறி எதையும் சொல்லவில்லை. ஆகவே இருமலை மட்டும் எண்ணினால் பலரைத் தவறவிடுவோம். அதனால்தான் கீழே உள்ள பேச்சில் இருமலோடு வேறு சிலவும் வருகின்றன: சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம், வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு நோய். ரத்தம் வந்தால் பதினைந்து நாள் எண்ணக் கூடாது. எச்ஐவி உள்ளவருக்கும், நோயாளி இருக்கும் வீட்டுக் குழந்தைக்கும் ஒரு நாள் இருமலே போதும்.

இனி பேச்சு. எழுதி வைத்துப் படிக்க வேண்டாம். இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் உங்கள் வார்த்தையில் தானாக வரும். கையில் ஒரு காலி சளி டப்பா இருக்கட்டும்.

"அக்கா, மதினி, எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க. அஞ்சு நிமிசம்தான் பேசுவேன். நான் ஒண்ணு கேக்குறேன், மனசுக்குள்ளயே பதில் சொல்லுங்க. உங்க வீட்டுல ராத்திரி இருமுறது யாரு? மாமனாரா, வீட்டுக்காரரா, நீங்களேவா? பீடி இருமல், தூசி இருமல்னு பேரு வச்சுட்டோம்ல, அதையும் சேத்துத்தான் கேக்குறேன்.

"அந்த இருமல் எப்ப ஆரம்பிச்சது? தேதி வேணாம். போன அமாவாசைக்கு முன்னாலயா, பின்னாலயா? அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவுல பதினஞ்சு நாளு. ஒரு அமாவாசையில ஆரம்பிச்ச இருமல் பௌர்ணமி தாண்டியும் இருந்தா சளிய டெஸ்ட் பண்ணணும். ஊசி போட்டு நாலு நாள் நின்னுச்சுன்னு அந்த நாலு நாளக் கழிக்காதீங்க. அப்படி இருமுறவங்க எல்லாருக்கும் டிபி கிடையாது. முக்காவாசிப் பேருக்கு மேல இருக்காது. இருக்கிறவங்களக் கண்டுபிடிக்கத்தான் இந்த டெஸ்ட்.

"சாயங்காலம் ஆனா காய்ச்சல் மாதிரி இருக்கு, பசியில்ல, ரவிக்கை தொளதொளன்னு ஆயிருச்சுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க, இருமல் இல்லாட்டியும் சொல்லுங்க. சளியில ரத்தம் வந்தா ஒரு நாளும் காத்திருக்காதீங்க. வீட்டுல யாருக்காச்சும் டிபி வந்திருந்தா பிள்ளைங்களக் கண்டிப்பா காட்டணும்.

"இதான் சளி டப்பா. காசு கிடையாது. இதுல எச்சில் துப்பினா டெஸ்ட் வீண். காலையில எந்திரிச்சதும் வெறும் தண்ணியில வாயக் கொப்பளிச்சுட்டு, வாசலுக்கு வந்து, இப்படி மூச்ச இழுத்து அடக்கி விடணும். ரெண்டு தடவ. மூணாவது தடவ அடிவயித்துல இருந்து இருமி வர்றது, கெட்டியா மஞ்சளா வர்றது, அதான் வேணும். எல்லாரும் எங்கூட மூச்ச இழுங்க, இருமல் வேணாம், மூச்சு மட்டும். ஆங், அப்படித்தான்.

"டிபின்னு வந்துட்டா ஆறு மாசம் மாத்திரை. மருந்து இலவசம். வீட்டுல இருந்தே சாப்பிடலாம், தனித் தட்டு வேணாம். சாப்பாட்டுக்குன்னு மாசம் ஆயிரம் ரூவா பேங்க் கணக்குல அரசாங்கம் போடும். இருமல் நின்னுருச்சுன்னு நடுவுல மாத்திரைய விட்டுறக் கூடாது. நீங்க யாரச் சொன்னீங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சந்தேகம் இருந்தா 1800-11-6666க்குப் போன் பண்ணலாம், அதுக்கும் காசு கிடையாது.

"கூட்டம் முடிஞ்சதும் நான் அந்தப் புளியமரத்தடியில பத்து நிமிசம் இருப்பேன். பையில டப்பா இருக்கு. வந்து ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, யாருக்கு, எந்த அமாவாசையில இருந்து?"